சொந்தக்காரப் பிள்ளைகள் ஆறு மாதம் தங்க வருகிறோம் என்றால்: சின்ன ஃபிளாட்டில் இருப்பவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது

சென்னையில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் புதிதாகக் குடியேறும் தம்பதிக்குக் கொஞ்ச நாளிலேயே ஊரிலிருந்து ஒரு போன் வரும். சித்தி மகளுக்குப் பயிற்சி வகுப்பு, பெரியப்பா மகனுக்கு வேலை தேடல், அத்தை மகனுக்குப் புது வேலை என்று காரணம் மாறும். கேள்வி ஒன்றுதான்: "கொஞ்ச நாள் உங்க வீட்ல இருந்துக்கட்டுமா?"

அந்த போனிலேயே "அதுக்கென்ன, வரட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுவதில்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் தொடங்குகின்றன. அன்றைக்கு மறுக்கக் கூச்சம். மூன்றாவது மாதத்தில் சமையலறையில் பாத்திரம் சத்தமாக வைக்கப்படும், குளியலறைக் கதவு தட்டப்படும், கடைசியில் யாரோ ஒருவர் அழுதுகொண்டு பெட்டியைக் கட்டுவார். வருவதற்கு முன்பே பக்குவமாகச் சொல்லியிருந்தால் ஒரு வார வருத்தத்தோடு போயிருக்கும்.

ஒரு குடும்பத்தை வைத்தே இதைப் பார்ப்போம். மேடவாக்கத்தில் 450 சதுர அடி ஃபிளாட். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரே குளியலறை. கணவருக்கு ஐடி வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு இரவு ஒரு மணி வரை ஹாலில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். மனைவி காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். அவருடைய சித்தி மகள் சங்கரன்கோவிலில் பி.காம். முடித்துவிட்டு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கு அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் சேரப் போகிறாள். வகுப்பு ஆறு மாதம். சித்தி போன் செய்கிறார்.

முதலில் கேளுங்கள், உடனே பதில் சொல்லாதீர்கள்

'கொஞ்ச நாள்' என்பது சித்தி மனதில் ஆறு மாதமாக இருக்கலாம், உங்கள் மனதில் ஒரு வாரமாக இருக்கலாம். அதனால் அந்த முதல் போனில் நான்கு விஷயங்களைச் சந்தோஷமான குரலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்கு வருகிறாள், வகுப்பு எத்தனை மாதம், வகுப்பு எத்தனை மணிக்கு, தங்க வேறு எங்காவது பார்த்திருக்கிறார்களா. சில நேரம் இந்தக் கடைசிக் கேள்வியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். "அவ தோழி ஹாஸ்டல்ல இருக்கா, நாங்கதான் முதல்ல உன்கிட்ட கேட்போம்னு நினைச்சோம்" என்று வரும். அதாவது கேட்காமல் இருந்தால் நீங்கள் தவறாக நினைத்துக்கொள்வீர்களோ என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

கேட்டு முடித்ததும், "சித்தி, நான் யோசிச்சுட்டு நாளைக்கு ராத்திரி கூப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் நாளைக்கு வரும் மறுப்பு முழுவதும் உங்கள் வீட்டுக்காரர் தலையில் விழும். 'மாப்பிள்ளைக்குப் பிடிக்கலையாம்' என்று சங்கரன்கோவில் முழுக்கப் பேச்சாகிவிடும்.

சொன்னபடி மறுநாளே கூப்பிடுங்கள். இழுத்தடித்தால் அங்கே வேலைகள் நடந்துவிடும். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்ட பிறகு, பயிற்சி மையத்தில் உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்த பிறகு, "அக்கா வீட்லதான் தங்கப் போறா" என்று பக்கத்து வீட்டில் சொன்ன பிறகு மறுத்தால் அவர்களுக்கு அது தலைகுனிவு. ஒரே சொல், ஒரு வாரம் முன்பு சொன்னால் தகவலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் முதலில் ஒரு எண்ணை முடிவு செய்யுங்கள்

அன்று இரவு கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது, 'வரலாமா கூடாதா' என்பதை விட, 'எத்தனை நாள் நம்மால் மனதார வைத்துக்கொள்ள முடியும்' என்பதைத்தான். ஆறு மாதம் முடியாது, சரி. நான்கு இரவுகள்? தாராளமாக. கணவர் நான்கு நாள் படுக்கையறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம், தங்கை ஹாலில் படுக்கலாம். மாதம் ஒரு சனி, ஞாயிறு? அதுவும் முடியும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது சேர்ந்து போகலாம்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் ஊரில் காரணம் சொன்னால் அதற்கு ஒரு தீர்வு வரும். இடம் இல்லை என்றால், "ஒரு மூலையில பாய் போட்டா படுத்துக்குவா" என்பார்கள். செலவு என்றால், "மாசம் அரிசி அனுப்புறோம்" என்பார்கள். மேடவாக்கத்திலிருந்து அண்ணா நகர் தூரம் என்றால், "பஸ்ல போய்க்குவா, பரவாயில்ல." கணவருக்கு ராத்திரி வேலை என்றால், "மாப்பிள்ளை ஹால்ல இருக்கட்டும், அவ உன்கூட உள்ளே படுத்துக்கட்டும்." அவர்கள் உங்களை மடக்கப் பார்க்கவில்லை. உண்மையாகவே உதவுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு காரணமும் தீர்க்கப்பட்டதும், மறுப்பதற்கு உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

எண்ணுக்கு அப்படித் தீர்வு சொல்ல முடியாது. "நாலு நாளைக்கு அப்படிச் செய்யலாம் சித்தி, ஆறு மாசத்துக்கு எங்களால முடியாது" என்ற ஒரு வாக்கியம் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பதிலாக நிற்கும்.

காரணம் ஒன்று சொல்லத்தான் வேண்டும், மொட்டையாக மறுக்க முடியாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அது உண்மையாக இருக்கட்டும். 'வீட்டு ஓனர் விடமாட்டார்' என்பது எல்லோரும் எடுக்கும் ஆயுதம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் உண்மையாகவே இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று எழுதியிருந்தால் சொல்லலாம். இல்லாததைச் சொன்னால், அடுத்த மாதம் மாமியார் வந்து இருபது நாள் தங்கும்போது எடுக்கும் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறி, ஊருக்குப் போய்ச் சேரும். இடமில்லை என்று சொன்னதை மன்னித்துவிடுவார்கள். பொய் சொன்னதைக் கல்யாண வீடுகளில் பல வருடம் பேசுவார்கள்.

கையில் ஒரு மாற்று ஏற்பாடு இருக்கட்டும்

திரும்ப போன் செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழித்து, பயிற்சி மையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு பெண்கள் விடுதிகளின் எண்களையாவது எடுத்துப் பேசிவிடுங்கள். 'ஹாஸ்டல் பார்த்துக்கோங்க' என்று சொல்வதற்கும், 'ஹாஸ்டல் பார்த்து வச்சிருக்கேன்' என்று சொல்வதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. முன்னதில் கைவிட்டது போல இருக்கும். பின்னதில், பெண் பிள்ளையைப் பெரிய ஊருக்கு அனுப்பும் தாயின் பயத்தில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டது தெரியும். சித்தி உங்கள் வீட்டைக் கேட்டதே பாதுகாப்புக்காகத்தான், இடத்துக்காக இல்லை.

போனில் கேட்க வேண்டியவை: ஒரு அறையில் எத்தனை பேர், மாதக் கட்டணத்தில் எத்தனை வேளைச் சாப்பாடு, ஞாயிறு மதியமும் உண்டா, முன்பணம் எவ்வளவு, காலி செய்யும்போது அதில் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள், பூட்டக்கூடிய அலமாரி உண்டா. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி விடுதி நடத்துபவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தயக்கமில்லாமல் காட்டும் இடத்தை முதலில் வையுங்கள்.

வருகிற தங்கை வேலைக்குப் போகிறவளாக இருந்தால், தமிழக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளையும் பாருங்கள். தாம்பரம், அடையாறு போன்ற இடங்களில் இருக்கின்றன. தம்பியாக இருந்தால் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்றும் இருக்கின்றன. படிக்கிற பையனுக்கு, வகுப்புக்குப் பக்கத்திலேயே நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் அறை இன்னும் வசதி.

யார் பேசுவது, எப்போது பேசுவது

யாருடைய இரத்த சொந்தமோ அவர்தான் பேச வேண்டும். இதில் விலக்கே வேண்டாம். மனைவியின் சித்தி என்றால் மனைவி, கணவரின் பெரியப்பா என்றால் கணவர். கணவர் தன் வீட்டாரிடம் பேசக் கூச்சப்பட்டு மனைவியைப் பேசவிட்டால், அந்த மருமகள் அந்தக் குடும்பத்தில் நல்ல பெயர் எடுக்கவே முடியாது.

கேட்டவரிடமே பதில் சொல்லுங்கள். சித்தி கேட்டால் சித்தியிடம். அம்மாவை நடுவில் தூது விடாதீர்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே அந்தச் சொல் வேறு ஏதோவாக மாறிப் போய்ச் சேரும். ஆனால் சித்தியிடம் பேசுவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பேசிய பத்து நிமிடத்தில் சித்தி அம்மாவைத்தான் கூப்பிடுவார். அம்மா திகைத்துப்போய், "அப்படியா சொன்னா? நான் பேசுறேன் இரு" என்று சொல்லிவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அத்தை மகன், அத்தை மகள் விஷயம் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. அத்தைக்கு அண்ணன் தம்பி வீட்டில் பிறந்த வீட்டு உரிமை இருக்கிறது. உங்கள் ஃபிளாட்டையும் அவர் அந்த வீட்டின் நீட்சியாகத்தான் பார்ப்பார். அங்கே முதலில் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி அவர் மனதைத் தயார் செய்துவிட்டு, பிறகு நீங்களே அத்தையிடம் பேசுங்கள். இன்னொன்று: கல்யாணமாகாத முறைப்பையன் ஒரே வீட்டில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதைக் காரணமாக ஒருபோதும் எடுக்காதீர்கள். அது பிள்ளையின் நடத்தை மேல் சேறு பூசுவது போல் விழும். அதை எடுத்து வைத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். தனிச் செய்தியும் வேண்டாம், ஏனென்றால் எழுத்தில் குரல் இல்லை, அதை நாலு பேருக்கு அனுப்பவும் முடியும். போனில் பேசுங்கள். சொன்னபடி மறுநாள் ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு பக்கமும் அவசரம் இல்லாத நேரம் நல்லது.

பேச்சு எப்படிப் போகும்

முதலில் வருவதைக் கொண்டாடுங்கள், அடுத்து எண்ணைச் சொல்லுங்கள், உடனே மறுப்பு, உடனே ஏற்பாடு. இடையில் மௌனத்துக்கு இடம் விடாதீர்கள்.

"சித்தி, அவ குரூப் 2 எழுதப் போறான்னு கேட்டதுமே எனக்கு அவ்வளவு சந்தோஷம். வந்து இறங்கினதும் நேரா இங்கதான் வரணும், நான் ஸ்டேஷனுக்கே வர்றேன். நாலு நாள் எங்ககூட இருக்கட்டும், ஊர் பழகட்டும். ஆறு மாசம் இங்கேயே இருக்கிறது மட்டும் முடியாது சித்தி. அவருக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஹால்லதான் வேலை, வீடே அவ்வளவுதான். வகுப்புக்குப் பக்கத்துலயே நான் ரெண்டு லேடீஸ் ஹாஸ்டல் பேசி வச்சிருக்கேன். ஒண்ணு நடந்து போற தூரம்."

சித்தி ஒரு நொடி பேசமாட்டார். அப்புறம், "பாய் போட்டா ஒரு மூலையில படுத்துக்குவாளேம்மா, உனக்கு என்ன தொந்தரவு?"

"பாய் போட இடம் இருக்கு சித்தி, படிக்கத்தான் இடம் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டைப் போட்டுப் படிக்கணும்னா அவ எங்க உட்காருவா? ஆறு மாசத்தையும் அப்படிப் போக்கக் கூடாது."

இது கெட்டிக்காரப் பதிலுக்காகச் சொல்வதில்லை. அரசுத் தேர்வுக்குப் படிப்பவளுக்குத் தனி மேசையும், அதே புத்தகம் படிக்கும் அறைத் தோழியும் எவ்வளவு பலம் என்பது தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும்.

"சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்துடுறோம்மா."

"பணப் பேச்சே எடுக்காதீங்க சித்தி. அதுக்காகவா சொல்றேன்?" இங்கே நிறுத்திவிடுங்கள். வரவு செலவை விளக்க ஆரம்பித்தால், பணம்தான் காரணம் என்று ஆகிவிடும்.

இனி கடினமான இடம். "பன்னெண்டாவது படிக்கும்போது நீ எங்க வீட்ல இருந்துதான் ஸ்கூலுக்குப் போன, மறந்துட்டியா?"

இது நிஜமாகவே இருக்கும். நம் தலைமுறையில் பாதிப் பேர் யாரோ ஒரு சித்தி, மாமா வீட்டில் தங்கிப் படித்தவர்கள். 'அப்போ உங்க வீடு பெருசு' என்று பதில் சொல்லாதீர்கள். அவர்கள் வீடும் பெரிதாக இருந்திருக்காது, அதை அவர்கள் மறந்திருக்கவும் மாட்டார்கள். கடனைக் கடன் என்று ஒப்புக்கொள்ளுங்கள்: "மறக்கவே இல்ல சித்தி. நீங்க அன்னைக்குச் செஞ்சதுக்கு நான் ஒண்ணும் செய்யாம இருக்க முடியாது. ஹாஸ்டல் முன்பணத்தை நான் கட்டுறேன். எந்த நேரத்துல கூப்பிட்டாலும் நான் போய் நிப்பேன். அங்க பாதுகாவலரா என் பேரும் நம்பரும்தான் இருக்கும்." முன்பணம் உங்கள் சக்திக்கு மீறியது என்றால் வேறொன்றைச் சொல்லுங்கள்: புத்தகங்கள், முதல் மாதக் கட்டணத்தில் பாதி, ஞாயிறு தோறும் வீட்டுச் சாப்பாடு. சொல்வது எதுவானாலும் அந்த மாதமே செய்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால், முதலில் சொன்ன மறுப்பை விட அது பல மடங்கு வலிக்கும்.

பேச்சு சூடானால் புதுக் காரணங்களைத் தேடாதீர்கள். அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள்: "நாலு நாள் கண்டிப்பா, ஆறு மாசம் முடியாது சித்தி." இரண்டாவது முறை சொல்லும்போது குரல் உயராமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

போனை வைத்ததும் தங்கையிடம் தனியாகப் பேசுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் பேச்சில் அவள் வெறும் சாமான் போல நடுவில் நிற்கிறாள். "உன்னை வேண்டாம்னு சொல்லல, நீ நல்லாப் படிக்கணும். ரெண்டு ஹாஸ்டலையும் வந்து பாரு, உனக்கு எது பிடிக்குதோ அது" என்று அவளிடமே சொல்லுங்கள். பல நேரம் அவளுக்கே விடுதிதான் விருப்பமாக இருக்கும். அம்மாவிடம் சொல்லப் பயந்திருப்பாள்.

அந்த நான்கு நாட்கள்

விடுதியில் சேரும் தேதியை, அவள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முன்பணம் கட்டி உறுதி செய்துவிடுங்கள். வியாழன் காலை வந்து இறங்குகிறாள், திங்கள் காலை விடுதியில் சேர்கிறாள் என்று இரண்டு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'வந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்' என்று விட்டால் நான்கு நாள் நாற்பது நாளாகும், அதற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது.

அந்த நான்கு நாளும் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அவளோடு பயிற்சி மையம் வரை பஸ்ஸில் போய், எங்கே மாற வேண்டும் என்று காட்டுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. திங்கள் காலை நீங்களே விடுதிக்குக் கூட்டிப்போய், வார்டனைப் பார்த்து, அறையைப் பார்த்து, அங்கிருந்தே சித்திக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுங்கள். சித்தியின் மனம் பெரும்பாலும் இந்த வீடியோ காலில்தான் இறங்கும்.

விடுதியில் கட்டில் ஒன்றாம் தேதிதான் காலியாகும் என்று திடீரெனச் சொன்னால் அன்றே புதுத் தேதியைச் சொல்லிவிடுங்கள்: "இன்னும் மூணு நாள் இங்க இரு, ஒண்ணாம் தேதி போய்ச் சேரலாம்." தேதி இல்லாமல் நீட்டிப்பதுதான் ஆபத்து.

அதற்கு அப்புறம்

சித்தி சில வாரம் போன் செய்யாமல் இருக்கலாம். அம்மாவிடம் மட்டும் பேசுவார், உங்களை நலம் விசாரிக்கமாட்டார். அது இயல்பு, அதற்கு விளக்கம் கேட்காதீர்கள். நீங்கள் வழக்கம் போலக் கூப்பிட்டு, தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்து என்ன சாப்பிட்டாள், மாதிரித் தேர்வில் எவ்வளவு எடுத்தாள் என்று சொல்லுங்கள். வேறொரு சொந்தக்காரர், "ஏம்மா, தங்கச்சியை ஹாஸ்டல்ல சேர்த்துட்டியாமே?" என்று கேட்டால், "ஆமாம், வகுப்புக்குப் பக்கத்துலயே நல்ல இடம் கிடைச்சுது" என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். சித்தியிடம் சொல்ல வேண்டியதை மூன்றாவது ஆளிடம் சொல்ல வேண்டாம். அவர்கள் வீட்டில் அடுத்து வரும் காதுகுத்துக்கோ, வளைகாப்புக்கோ விடுப்புப் போட்டாவது போய் நில்லுங்கள்.

விடுதியில் காய்ச்சல் என்று வந்தால் அன்றே வீட்டுக்குக் கூட்டி வந்து, சரியாகும் வரை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாள் கணக்கு பார்க்கக் கூடாது. அதேபோல, தங்க இடம் கேட்பவர் வீட்டில் அடி உதைக்குப் பயந்தோ, வேண்டாத கல்யாணத்துக்குப் பயந்தோ கிளம்பி வந்திருக்கிறார் என்று தெரிந்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. முதலில் உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். பிறகு 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து நிற்பவர்களும் உண்டு. காலை ஐந்தரைக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, "அக்கா, லொகேஷன் அனுப்பு" என்று போன் வரும். அனுப்புங்கள். காபி, குளியல், டிபன் எல்லாம் முடியட்டும். ஆனால் அன்று ராத்திரிக்குள் தேதியைப் பேசிவிடுங்கள்: "ஞாயிறு வரைக்கும் இங்க இரு. சனிக்கிழமை ரெண்டு பேரும் போய் ரூம் பார்ப்போம்." வாசலில் பெரிய பெட்டியோடு ஒரு வாளியும் தலையணையும் இருந்தால், அதைச் சாப்பிட்ட கையோடு பேசிவிடுவது நல்லது.